பழைய கப்பல் பெட்டியும் மங்கிய குறிகளும்: சிறுகதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய கப்பலிலிருந்து வந்த மரப்பெட்டி ஒன்று கடைக்காரர் கையில் கிடைக்கிறது. அதிலுள்ள மங்கிய குறிகளை வைத்துக்கொண்டு அவர் மண்டையைக் குடைகிறார். இந்தக் கருவில் கதை எழுதுவோர் கேட்கும் கேள்விகளுக்கு, ஒரே பெட்டியை எடுத்துக்காட்டாக வைத்துப் பதில் தந்திருக்கிறோம்.

கதை எங்கே நடக்கிறது, எந்த ஆண்டு என்று வைத்துக்கொள்வது?

திருகோணமலை, 1960ஐ ஒட்டிய காலம். அந்த இயற்கைத் துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படையின் தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. 1957இல் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. கடற்படைக் கப்பலுக்கு வந்த ஒரு வெறும்பெட்டி, அதன்பின் ஊர்க் கடை ஒன்றில் உட்காரும் பெட்டியாகக் கிடந்தது என்று எழுதினால் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள்.

இந்த ஆண்டைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரிய காரணம். அப்போது கடைக்காரர் அந்தரிலும் இறாத்தலிலும்தான் நிறுத்தார். கிலோ 1970களில்தான் புழக்கத்துக்கு வருகிறது. பெட்டியின் புதிரை அவிழ்க்கும் சாவி அவருடைய தராசிலேயே இருப்பதால், கதையை 1980க்குத் தள்ளிவிட்டால் அந்தச் சாவி தொலைந்துபோகும்.

நம் பெட்டி இப்படி இருக்கட்டும். ஒரு அங்குலத் தடிப்புள்ள பைன் பலகை. உள்ளளவு நீளம் 24 அங்குலம், அகலம் 18, உயரம் 12. மூடி இல்லை. பக்கப் பலகையில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேரும் சூட்டுக்குறி. அதன் பக்கத்தில் கறுப்பு மையில் 7/12. கீழே வரிசையாக 1-2-14, 0-1-20, 1-0-22. இன்னொரு பலகையில் பாதி அழிந்த ஆங்கில வரி.

கடலடியில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து சுழியோடிகள் எடுத்துவந்த பெட்டி என்று எழுதலாமா? அதில் ஒரு கவர்ச்சி இருக்கிறதே?

வேண்டாம். வெப்பக் கடலில் திறந்து கிடக்கும் மரத்தைக் கப்பல்புழு சில ஆண்டுகளிலேயே தேன்கூடு போலத் துளைத்துவிடும். சேற்றில் முழுதாகப் புதைந்த மரம் தப்பும். அதையும் வெளியே எடுத்து வெயிலில் காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். அப்படிப்பட்ட பலகையில் மை எழுத்தைப் படிக்க முடியாது. குறி படிக்கும் கதைக்கு, கப்பலிலிருந்து உலர்ந்தபடி கரையேறிய பெட்டிதான் பொருந்தும்.

எழுத்து எப்படி மங்கும்? "காலத்தால் மறைந்த எழுத்து" என்று மட்டும் எழுதினால் போதாதா?

போதாது, ஏனென்றால் ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு விதமாக மறையும். எது எப்படி மறைந்தது என்று தெரிந்தால்தான் கடைக்காரர் எதை எப்போது கண்டுபிடிக்கிறார் என்ற வரிசை உங்களுக்குக் கிடைக்கும்.

இரும்பைக் காய்ச்சி வைத்த சூட்டுக்குறி மங்குவதே இல்லை. மரம் கரிந்து பள்ளமாகியிருப்பதால், மேலே அழுக்கு அப்பினாலும் விரலால் தடவினால் தெரியும். ஆகவே நம் பெட்டியில் மூன்று கோட்டுக் குறிதான் முதலில் கண்ணில் படவேண்டும்.

கறுப்பு மை எழுத்தின் கதை வேறு. அதிலுள்ள விளக்குக்கரி வெயிலுக்கு வெளிறாது. கரியை மரத்தோடு பிடித்துவைத்திருக்கும் எண்ணெய்தான் ஆண்டுக்கணக்கான வெயிலிலும் மழையிலும் செத்துப்போகும். பிடிப்பு போனதும் கரி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஆனால் உதிரும்வரை அது தன் கீழுள்ள மரத்தை வெயிலிலிருந்து காத்துவந்திருக்கும். சுற்றியுள்ள மரம் நரைத்து, மென்மையான நார்கள் தேய்ந்து, மயிரிழை அளவு தாழ்ந்திருக்கும். பைன் போன்ற மென்மரம் திறந்தவெளியில் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தேயும் என்பது மர ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. பதினைந்து, இருபது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மை போனபிறகும் எழுத்து மிக இலேசாகப் புடைத்து நிற்பது இதனால்தான்.

இந்தப் புடைப்பு, வெளியே கிடந்து வெயில்பட்ட பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பெட்டி கடைக்குள் வருவதற்கு முன் பல ஆண்டுகள் முற்றத்தில் கிடந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பிற்பாடு வரும் விளக்குக் காட்சிக்கு அந்த வரிதான் ஆதாரம்.

அப்படியானால் கடைக்காரர் அந்த எழுத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்ணாடி, மருந்து ஏதாவது வேண்டுமா?

ஒரு லாம்பு போதும். பகலில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்து விழுவதால் புடைப்பு தெரியாது. இரவில் கடையைச் சாத்தியபின், லாம்பைப் பலகையின் விளிம்போடு ஒட்டித் தாழ்த்திப் பிடித்தால் வெளிச்சம் பலகையை உரசிக்கொண்டு போகும். எழுத்தின் ஒரு கரை வெளிச்சமாகும், மறு கரை நிழலாகும். லாம்பை மேலே தூக்கியதும் எல்லாம் மறைந்துவிடும். தூக்குவதும் தாழ்த்துவதுமாக ஒரு எழுத்து தோன்றி மறைவதைக் காட்டுங்கள், கதையில் கண் நிற்கும் இடம் அதுவாக இருக்கும்.

"தம்பி, லாம்பைக் கீழ பிடி. இன்னும் கீழ. பலகையோட ஒட்டிப் பிடி."

"ஒண்டும் தெரியேல்லையே முதலாளி."

"அசையாதை. இந்தா, ஏழு. பக்கத்தில ஒரு சாய்ஞ்ச கோடு."

ஈரத்துணியால் துடைத்தாலும் சற்றுநேரம் எழுத்து எடுப்பாகத் தெரியும், நரைத்த மரம் நனைந்து கறுப்பதால். தேங்காய் எண்ணெய் பூசுவதுதான் பலர் செய்யும் தவறு. எண்ணெய் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஊறி, மரத்தையும் எழுத்தையும் ஒரே கறுப்பாக்கிவிடும், பிறகு திரும்ப வழியில்லை. உங்கள் கதையில் ஒரு சேதம் நடக்கவேண்டுமென்றால் அதைக் கடைப்பையன் கையால் நடத்துங்கள். ஒரு பலகையின் மூலை மட்டும் கெட்டுப்போகட்டும்.

எழுத்துகளில் இடைவெளி இருக்கும் என்கிறார்களே, அது ஏன்?

தகட்டில் எழுத்தை வெட்டி, அதன்மேல் மைத்தூரிகையால் குத்தி எடுத்த அச்சு அது. ஆங்கில ஓ எழுத்தை முழு வட்டமாக வெட்டினால் நடுவிலுள்ள தகடு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துவைக்க மேலும் கீழும் சிறு பாலம் விடுவார்கள். அதனால் ஓ என்பது எதிரெதிரே பார்க்கும் இரண்டு பிறைகளாக விழும். பி என்பது ஒரு கோடும் மூன்று என்ற எண்ணுமாகப் பிரிந்து 13 போலத் தெரியும். கடைக்காரர் எழுத்தை எண்ணாகப் படித்துத் தடுமாற இதைவிட நியாயமான காரணம் கிடைக்காது. கையால் எழுதியதா, தகட்டால் அடித்ததா என்று பிரிப்பதும் எளிது. ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால், இடைவெளி அதே இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மூன்று கோட்டுக் குறி என்ன? கடைக்காரர் அதை என்னவென்று நினைப்பார்?

அது பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான அகல அம்புக்குறி. மூன்று கோடுகள் உச்சியில் ஒரு புள்ளியில் கூடும், கீழ்நோக்கி விரியும். கடற்படை, தரைப்படைச் சாமான்களில் நூற்றாண்டுகளாக இதைப் போட்டுவந்தார்கள். தரைப்படைச் சாமான்களில் அம்பின் இருபுறமும் டபிள்யூ, டி என்ற எழுத்துகளையும் பார்க்கலாம். கனடா தன் சாமான்களில் அம்பை ஒரு சி எழுத்துக்குள் வைத்தது.

இனி, பெட்டி கடையில் தலைகீழாகக் கிடக்கட்டும். அப்போது மூன்று கோடுகளும் அடியில் ஒரு புள்ளியில் தொடங்கி மேல்நோக்கி விரியும். கோணேசர் கோயில் இருக்கும் ஊரில் ஒரு கடைக்காரர் அதை என்னவென்று பார்ப்பார்? சூலம். பக்கத்துக் கடைக்காரர் வைணவராக இருந்தால் நாமம் என்பார். "இதென்ன சூலம் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி அவர் பெட்டியில் உட்காருவதை நிறுத்திவிடலாம், விளக்கேற்றும் மூலைக்கு நகர்த்திவைக்கலாம். அவரைச் சிரிப்புக்குரியவர் ஆக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிந்ததை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். பெட்டிதான் தலைகீழாக இருக்கிறது.

எண்களைப் படிக்கப் பெட்டியைத் திருப்பும்போதுதான் சூலம் அம்பாகும். ஆகவே திருப்பும் காட்சியை விளக்குக் காட்சிக்குச் சற்றுமுன் வையுங்கள். முதலில் தலைகீழான எண்ணின் ஒரு துண்டு தெரிகிறது, பெட்டியைப் புரட்டுகிறார், எண் நேராகிறது, அடுத்து கண் குறியின்மேல் போகிறது. சூலம் அங்கே இல்லை.

அரசு முத்திரை உள்ள பெட்டியை வைத்திருப்பது குற்றமாகாதா?

அந்தப் பயம் கதைக்கு நல்லது. பிரிட்டனில் 1875ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அம்புக்குறி போட்ட சாமானை முறையின்றி வைத்திருப்பதையும் குறியை அழிப்பதையும் குற்றமாக்கியது. துறைமுகத்தில் வேலைபார்த்த முதியவர் ஒருவர் அதைக் காதோடு காதாகச் சொல்லலாம். ஆனால் கடற்படையே கிளம்பிப்போன பிறகு, ஒரு வெறும்பெட்டிக்காகக் கடைவாசலுக்கு யாரும் வரமாட்டார்கள். பொலிசைக் கொண்டுவந்து கதையைத் திசைதிருப்ப வேண்டாம்.

1-2-14 என்றால் 1914 பிப்ரவரி 1 தானே? 7/12 என்பது டிசம்பர் 7?

கடைக்காரரும் இங்கேதான் வழுக்கவேண்டும். படிக்கத் தெரிந்த பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் "முதலாளி, முதலாம் சண்டை தொடங்கின வருசம்" என்று உற்சாகமாகவே சொல்லிவிடுவான்.

இரண்டுமே தேதி இல்லை. 7/12 என்பது பன்னிரண்டு பெட்டிகளில் ஏழாவது. கப்பலிலிருந்து இறக்கும்போது கணக்கப்பிள்ளை எண்ணிச் சரிபார்ப்பதற்காக ஒவ்வொரு பெட்டியிலும் இப்படிப் போடுவார்கள். மற்றப் பதினொன்று எங்கே என்ற கேள்வி கடைக்காரருக்கு எழுவது இயல்பு. அதற்குப் பதில் தேடவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

1-2-14 என்பது எடை. முதல் எண் அந்தர், நடு எண் கால் அந்தர், கடைசி எண் இறாத்தல். ஒரு அந்தர் 112 இறாத்தல், கால் அந்தர் 28. ஆகவே 112, அதோடு இரண்டு இருபத்தெட்டு 56, அதோடு 14, மொத்தம் 182 இறாத்தல். இன்றைய கணக்கில் 82 கிலோவுக்குச் சற்று மேல்.

தேதியா எடையா என்று பிரிக்க அடுத்த இரண்டு வரிகளைப் பார்த்தாலே போதும். 0-1-20 என்று பூச்சியத்தில் தொடங்கும் நாள் கிடையாது. 1-0-22இல் பூச்சியமாவது மாதமும் கிடையாது. எடை என்றால் நடு எண் 3ஐத் தாண்டாது, கடைசி எண் 27ஐத் தாண்டாது. நான்கு கால் சேர்ந்தால் ஒரு அந்தர், 28 இறாத்தல் சேர்ந்தால் ஒரு கால். நீங்களாக வேறு எண்களைப் போடும்போது இந்த எல்லையை மீறிவிடாதீர்கள். 1-5-30 என்று எழுதிவிட்டால், கணக்குத் தெரிந்த வாசகர் அங்கேயே கதையை மூடிவிடுவார்.

அது எடைதான் என்று கடைக்காரர் எப்படி உறுதிசெய்வார்?

மூன்று வரியையும் இறாத்தலாக்கினால் 182, 48, 134. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வருகிறது. சாக்கோடு நிறுத்து, சாக்கைக் கழித்து, சரக்கைக் கணக்கிடுவது அவர் அன்றாடம் செய்யும் வேலை. இந்த மூன்று எண்களும் சேர்ந்து நின்றதும் அவருக்குப் பொறிதட்டிவிடும். ஆங்கிலம் ஓர் எழுத்துக்கூடத் தெரியவேண்டியதில்லை.

அவர் அதோடு விடமாட்டார், விடவும் கூடாது. வெறும்பெட்டியைத் தராசில் தூக்கிவைப்பார். 48 இறாத்தல் இருக்கவேண்டும். படிக்கல் 35இல் நிற்கிறது. கதையின் சிக்கல் இந்தப் 13 இறாத்தலில்தான் இருக்கிறது, இதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

மூடி இல்லை. அடிப்பலகையும் மூடியும் ஒரே அளவு. வெளியளவு 26க்கு 20 அங்குலம், தடிப்பு ஒரு அங்குலம். அந்த அளவு பைன் பலகை ஏறத்தாழ 11 இறாத்தல் வரும். மீதி 2. பெட்டியைச் சுற்றி இரண்டு இடங்களில் விரல் அகலத்துக்குத் துருக்கறை ஓடுகிறது, ஆணி பிடுங்கிய ஓட்டைகளும் அதே கோட்டில் இருக்கின்றன. இரும்புப்பட்டை இரண்டு அங்கே இருந்து கழன்றிருக்கிறது. இரண்டு பட்டையும் அவற்றின் ஆணியும் சேர்ந்து 2 இறாத்தல் என்பது பொருந்தும் கணக்கு. இவ்வளவையும் அவர் வாயால் விளக்கவேண்டாம். துருக்கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு போய், தராசுத்தட்டில் இரண்டு இறாத்தல் படிக்கல்லை எடுத்துவைத்தால் போதும்.

பெட்டியை மழைநாளில் நிறுக்கவைக்காதீர்கள். ஈரம் குடித்த பைன் பலகை ஓரிரு இறாத்தல் கூடுதலாகக் காட்டும், கணக்கு சரியாக வராது.

உள்ளே என்ன இருந்தது என்று சொல்லவேண்டுமா?

பெயரைச் சொல்லாமல், வாசகர் கண்டுபிடிக்கும்படி வையுங்கள். நம் பெட்டியில் அதற்கு மூன்று துப்பு இருக்கிறது.

முதலாவது கனம். பெட்டியின் கொள்ளளவு 3 கன அடி. அதில் அரிசி நிரப்பினால் 150 இறாத்தலை ஒட்டி வரும் என்று கடைக்காரருக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். உள்ளே இருந்த சரக்கோ 134. ஆணி, பெயின்ட், இறைச்சி டின் எதுவும் இல்லை, அவை இதைவிடப் பாரமானவை. அரிசியைவிடச் சற்று இலேசான ஏதோ ஒன்று.

இரண்டாவது அந்தப் பாதி அழிந்த ஆங்கில வரி. கொதிகலன்களுக்கு அருகில் அடுக்காதே என்று பொருள்படும் எச்சரிக்கை அது. நீராவிக் கப்பல்களில் கொதிகலன் அறையை ஒட்டிய சரக்கறை சூடேறும் என்பதால், வெப்பம் தாங்காத சரக்கில் இப்படி எழுதுவார்கள். தபாற்கந்தோர் குமாஸ்தா போன்ற ஒருவர் "கொதிகலன்" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்லட்டும். முழுவரியையும் படித்துவிட்டால் கடைக்காரருக்கு வேலை இருக்காது. அவர் அதைக் கொதிகலனுக்கான உதிரிப்பாகம் என்று தவறாக எடுத்துக்கொள்ளலாம், கனம் இடிக்கும்.

மூன்றாவது உட்பலகை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பழைய பைன் பலகை அதை உறிஞ்சி அந்த இடம் கறுக்கும். நம் பெட்டியில் அடிப்பலகையின் ஒரு பகுதியில் தண்ணீர் உறிஞ்சப்படாமல் முத்தாக நிற்கிறது, பலகையைச் சாய்த்தால் உருளுகிறது. உருகிய மெழுகு மரத்தில் ஊறிய இடம் அது. சவர்க்காரம் ஊறியிருந்தால் நேர்மாறாக, தண்ணீர் உடனே பரவி விரல் வழுக்கும். நெய்யோ கொழுப்போ என்றால் எலி பலகையைச் சுரண்டிவைத்திருக்கும். மெழுகுதிரி என்ற சொல்லைக் கதையில் எங்கும் எழுதாதீர்கள்.

குடை, கண்ணாடிக் கோப்பை படங்கள் போட்டால் அழகாக இருக்குமே?

1940களின் பெட்டிக்குப் பொருந்தாது. நனையக்கூடாது, உடையும் சரக்கு என்பதைக் குடையாகவும் கோப்பையாகவும் காட்டும் படக்குறிகள் 1960களின் பிற்பகுதியில்தான் உலகப் பொது வழக்காக வகுக்கப்பட்டன. அதற்குமுன் இதையெல்லாம் பெரும்பாலும் சொல்லாகவே எழுதினார்கள்.

சாய்சதுரத்துக்குள் எழுத்து வைத்த குறியையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அது வணிகரின் அடையாளம். சரக்கைப் பெறுபவரின் பெயரெழுத்தை ஒரு வடிவத்துக்குள் வைத்து, கீழே துறைமுகப் பெயரை எழுதுவார்கள். படிக்கத் தெரியாத கூலியாளும் வடிவத்தைப் பார்த்து அடுக்கமுடியும். அரசு அம்போடு அது ஒரே பெட்டியில் வந்தால், பெட்டி இரண்டுமுறை பயணப்பட்டது என்று ஆகிவிடும். எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்பதை வைத்து முந்தியது எது, பிந்தியது எது என்று சொல்லவேண்டிய பொறுப்பும் உங்களுக்கு வரும். பத்துப் பக்கக் கதை அந்தப் பாரத்தைத் தாங்காது.

கதையை எங்கே நிறுத்துவது?

தண்ணீர்ச் சொட்டில். கடைப்பையன் லாம்பைப் பிடித்திருக்கிறான். முதலாளி விரல்நுனியால் ஒரு சொட்டு வைக்கிறார், அது உறிஞ்சப்படாமல் நிற்கிறது. இன்னொன்று வைக்கிறார், அதுவும் நிற்கிறது. காற்றில் லாம்பு அணைந்துபோகிறது. பையன் நெருப்புப்பெட்டி எடுக்க அலுமாரிப் பக்கம் போகிறான். இருட்டில் அவர் கை இன்னும் அடிப்பலகையில்தான் இருக்கிறது.